ஆக்சிமீட்டர் 88 காட்டி, கொஞ்ச நேரத்தில் 97 காட்டினால் எதை நம்புவது?

ஆக்சிமீட்டரில் 88 காட்டியது, கையைத் தேய்த்துச் சூடாக்கியதும் 97 ஆனது. எது சரி?

அநேகமாக 97. கருவி விரலுக்குள் சிவப்பு (660 நானோமீட்டர்), அகச்சிவப்பு (940) என இரண்டு ஒளிகளைச் செலுத்துகிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் ஏற்றியது அகச்சிவப்பை. தோல், எலும்பு, நகம் எல்லாமும்தான் ஒளியை விழுங்குகின்றன. ஆனால் தமனி ரத்தம் மட்டுமே துடிப்போடு கூடிக் குறைகிறது. அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தை இரண்டு ஒளியிலும் ஒப்பிட்டுத்தான் ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினின் சதவீதம் வருகிறது.

விரல் குளிர்ந்தால் ரத்தநாளம் சுருங்கும், துடிப்பு மெலியும். அப்புறம் கருவி துடிப்பை விட்டுவிட்டு, தொடர்பில்லாத ஒளி அலைவுகளைத்தான் அளக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: மணிக்கட்டில் நாடியை எண்ணுங்கள். திரையில் நாடி 120, கையில் 76 என்றால் 88-ஐ விட்டுவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போயும் 88 நீடித்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் எந்த எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம்.

இதைவிட ஆபத்து, பொய்யான நல்ல எண். புகையில் சிக்கியவரின் ஹீமோகுளோபினில் கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கும். சிவப்பு ஒளியில் அது ஆக்சிஜன் ஏற்றியதைப் போலவே தெரிவதால், உடல் திணறும்போதும் சாதாரணக் கருவி 98 காட்டும். அங்கே ரத்தப் பரிசோதனைதான் வழி.