பித்தப்பைக் கல் இருப்பவர் ஏலக்காய் டீ குடிக்கலாமா?

"அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். செரிமானத்துக்கும் பிரஷருக்கும் நல்லது என்று தினமும் ஏலக்காய் டீ குடிக்கிறார். சரியா?"

பித்தப்பை என்பது கல்லீரலுக்குக் கீழே பித்தநீரைச் சேர்த்து வைக்கும் சின்னப் பை. ஏலக்காய் பித்தநீர் ஓட்டத்தைக் கொஞ்சம் தூண்டும். விருந்துக்குப் பின் வயிறு லேசாவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கல் இருந்தால் அதே தூண்டுதல் சிக்கலாகலாம். மதகைத் திறந்ததும் வாய்க்காலில் மிதந்து வரும் கட்டை குழாயில் போய் அடைப்பதுபோல, கல் பித்தக் குழாயில் சிக்கிக்கொள்ளும்.

டீயில் ஒன்றிரண்டு காய் தட்டிப் போடுவது சமையல் அளவுதான். என்றாலும் கல் இருப்பவர் தினசரி வழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. கஷாயம், பொடி வேண்டவே வேண்டாம்.

பிரஷர் விஷயத்துக்கு வருவோம். 2009-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 20 பேர் தினம் 3 கிராம் பொடி சாப்பிட்டார்கள். 12 வாரத்தில் அழுத்தம் குறைந்தது. அந்த 3 கிராம் பத்துப் பதினைந்து காய்க்குச் சமம், டீயில் அவ்வளவு சேராது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கும்பகோணத்துக் கல்யாணச் சாப்பாடு முடிந்து, வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ வலி பரவினால் "வாயு" என்று இன்னொரு டம்ளர் டீ கொடுக்காதீர்கள். காய்ச்சலோ கண் மஞ்சளோ சேர்ந்தால் உடனே மருத்துவமனை.

அப்புறம், ஏலக்காய் டீ கல்லைக் கரைக்கும் என்று பலர் நம்புகிறார்கள், அது கரைக்காது.