மலை ரயில் வந்தது எந்த ஆண்டு? விளக்க வீடியோவில் ஆதாரம் காட்டும் விதம்

கேள்வி: நானும் என் தம்பியும் குன்னூரிலிருந்து நீலகிரியைப் பற்றி எட்டு, பத்து நிமிட விளக்க வீடியோக்கள் போடுகிறோம். மலை ரயில் வீடியோவில், "1899-இல் ஊட்டிக்கு வந்து, 1999-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, ஆசியாவிலேயே மிகச் செங்குத்தான ரயில்" என்று சொல்லியிருந்தோம். ஆண்டுகள் இரண்டும் தப்பு என்று ஒருவர் கமெண்டில் பிடித்துவிட்டார். டிஸ்கிரிப்ஷனில் ஏழு லிங்க் கொடுத்திருந்தோம். அதையே காட்டி, "இதில் எது ஆதாரம்?" என்று கேட்கிறார். எப்படிச் சரிபார்ப்பது, திரையில் எப்படிக் காட்டுவது சார்?

பதில்: முதலில் அந்த 1999-ஐ எடுத்துக்கொள்வோம். அதை நீங்கள் கற்பனையில் எழுதவில்லை. யுனெஸ்கோவின் சொந்தப் பக்கத்திலேயே அந்த ஆண்டு இருக்கிறது. whc.unesco.org/en/list/944 என்ற முகவரிக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் பதிவின் பெயர் நீலகிரி மலை ரயில் அல்ல, 'இந்திய மலை ரயில்கள்'. பட்டியலில் சேர்ந்த ஆண்டு 1999 என்று போட்டிருக்கும். ஆனால் 1999-இல் சேர்ந்தது டார்ஜிலிங் ரயில். நம் ரயிலை 2005-இல் அதே பதிவோடு இணைத்தார்கள், கல்கா–சிம்லா ரயிலை 2008-இல். மேலோட்டமாகப் பார்த்து 1999 என்ற வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீடியோவில் வைத்திருந்தால், தவறுக்கு ஆதாரமும் சேர்த்துக் காட்டியிருப்பீர்கள். மூல ஆவணத்துக்கே போனவர்களும் வழுக்குகிற இடம் இது. நான் வைத்திருக்கும் விதி எளிமையானது: நாம் சொல்லப்போகும் பொருளின் பெயரும் அந்த எண்ணும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருகிறதா என்று தேடுவேன். பெயர் ஓரிடத்திலும் எண் வேறிடத்திலும் இருந்தால், நடுவில் உள்ளதை முழுக்கப் படிக்காமல் நகர மாட்டேன்.

அடுத்தது 1899. அதே பக்கத்தில் நம் ரயிலைப் பற்றிய குறிப்பில், 1854-இல் திட்டம் முன்வைக்கப்பட்டது, 1891-இல் வேலை தொடங்கியது, 1908-இல் முடிந்தது என்று இருக்கிறது. அப்படியானால் 1899 எங்கிருந்து வந்தது? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை திறக்கப்பட்ட ஆண்டு அது. ஊட்டி வரை நீண்டது 1908-இல்தான். அதாவது உங்கள் ஊருக்கு அந்த ஆண்டு சரி, ஊட்டிக்குத் தவறு. பாதி உண்மை இப்படித்தான் உள்ளே நுழைகிறது. எண் சரியாக இருக்கும், எதற்கு உரிய எண் என்பது மாறியிருக்கும். சரிபார்க்கும்போது "1899 சரியா?" என்று கேட்டால் நாலு பக்கம் 'ஆமாம்' என்று சொல்லும். "1899-இல் எந்த ஸ்டேஷன் வரை?" என்று கேளுங்கள்.

மூன்றாவது 'ஆசியாவிலேயே'. இப்படிப்பட்ட சொற்களைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. நம் ரயிலின் ஏற்றத்தைச் சொல்லும் வரிகளில் '12.28-க்கு 1' என்றும் பார்க்கலாம், '8.33 சதவீதம்' என்றும் பார்க்கலாம். போன் கால்குலேட்டரை எடுத்து 1-ஐ 12.28-ஆல் வகுத்துப் பாருங்கள். 8.14 வரும். 8.33 வேண்டுமானால் 12-க்கு 1 என்று இருக்க வேண்டும். ஆக, இரண்டு எண்களும் ஒரே அளவைச் சொல்லவில்லை. ஒன்றைத்தான் எடுக்க முடியும், எடுத்தால் எந்த ஆவணத்திலிருந்து என்று சொல்லவும் வேண்டும். எண்ணிலேயே இந்த நிலை என்றால், ஆசியா முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தது யார், எந்த வகை ரயில்களோடு ஒப்பிட்டார்கள் என்பதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? நானாக இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "சுமார் 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம்" என்று சொல்வேன். காட்சியாகவும் அது மனசில் நிற்கும்.

பார்த்தீர்களா, ஒரே ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தகவல்கள், மூன்றும் வேறு வேறு விதத்தில் பிசகியிருக்கின்றன. அதனால் ஸ்கிரிப்டைப் பிரிண்ட் எடுத்து, பேனாவால் அடிக்கோடு போடுங்கள். ஆண்டு, அளவு, பெயர், 'முதல்', 'மிக' போன்ற சொற்கள், 'அதனால்தான்' என்று காரணம் சொல்லும் இடங்கள், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண். ஓரத்தில் அந்த எண்ணுக்கு எதிரே ஆவணமும் பக்கமும். எதிரே எழுத எதுவும் இல்லாத கோடு வீடியோவில் போகக் கூடாது. என் அனுபவத்தில் எட்டு நிமிட ஸ்கிரிப்டில் இருபத்தைந்து, முப்பது கோடுகள் விழும். அரை நாள் வேலை. ஆளுக்குப் பாதி எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்த்தால் நல்லது. தான் எழுதியது தன் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும்.

இப்போது அந்த ஏழு லிங்க். கமெண்ட் போட்டவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏழும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருந்தால், உங்களிடம் இருப்பது ஓர் ஆதாரமும் ஆறு நகல்களும்தான். கண்டுபிடிப்பது சுலபம். சந்தேகமான வாக்கியத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அதே சொல் வரிசை, அதே எழுத்துப்பிழை பத்து இடத்தில் வந்தால் எல்லாம் ஒரே ஊற்று. நானும் இதில் விழுந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய பங்களா கட்டிய ஆண்டை மூன்று இடத்தில் பார்த்தேன் என்ற தைரியத்தில் எழுதினேன். மூன்றுமே ஒரு சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்திலிருந்து எடுத்தவை. அதில் ஓர் எண் அச்சுப்பிழை. அந்த வீட்டு வாசலில் ஆண்டு பொறித்த கல் இருந்தது, நான் அந்த வழியாகத்தான் தினமும் நடந்து போவேன்!

நீலகிரி வரலாற்றுக்கு டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மாவட்ட கெசட்டியர் நல்ல ஊற்று. மின்நூலாகவும் கிடைக்கிறது. ஆனால் அதுவும் 1908-இல் வெளிவந்த புத்தகம். ரயில் ஊட்டிக்கு வந்ததும் அதே ஆண்டு. அச்சுக்குப் போன பிறகு நடந்ததை அது சொல்ல முடியாது. எந்த ஆவணமானாலும் எழுதப்பட்ட ஆண்டையும் பேசும் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் யாராவது பேட்டி கொடுத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் மண்சரிவை எப்படி அகற்றினார்கள் என்பதற்கு அவரைவிட நல்ல ஆதாரம் இல்லை. 1891-க்கு அவர் ஆதாரம் ஆக மாட்டார்.

சரி, திரைக்கு வருவோம். ஆதாரம், அந்தத் தகவலைச் சொல்லும் அதே நொடியில் திரையில் இருக்க வேண்டும். கடைசியில் ஓடுகிற பட்டியலை யாரும் படிப்பதில்லை. வாய் '2005' என்று சொல்லும்போது மூலையில் "யுனெஸ்கோ, இந்திய மலை ரயில்கள், பதிவு 944" என்று வரட்டும். வெளியிட்டவர், ஆவணம், ஆண்டு அல்லது பக்க எண், இவ்வளவு போதும். நீளமான இணைய முகவரி வேண்டாம், போனில் யாரும் அதைத் தட்டச்சு செய்யப் போவதில்லை. 'நன்றி: கூகுள்', 'விக்கி' என்றும் போடாதீர்கள். அது கடைக்குப் போன வழி, வாங்கிய பொருள் அல்ல.

எழுத்து ஐந்து நொடியாவது நிற்கட்டும். 1080 உயரமுள்ள வீடியோவில் 45, 50 பிக்சலுக்குக் கீழே இறங்கினால் தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் போனில் கரைந்துவிடும். எடிட் முடிந்ததும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, போனைக் கை நீட்டிப் பிடித்து ஒருமுறை பாருங்கள். இடம் என்றால் நான் இடது மேல் மூலையைச் சொல்வேன். கீழே வைத்தால் சப்டைட்டிலும் ஓட்டப் பட்டையும் மறைக்கும். ஷார்ட்ஸில் வலது ஓரத்தையும் பட்டன்கள் பிடித்துக்கொள்ளும்.

எல்லாத் தகவலுக்கும் மூலையில் வரி போதும் என்றாலும், சர்ச்சைக்குரிய ஒன்றிரண்டுக்கு ஆவணத்தையே காட்டுங்கள். முதலில் அட்டையோ பக்கத்தின் தலைப்போ தெரியட்டும். பிறகு மெல்ல நெருங்கி, அந்த வரிக்கு மேலும் கீழும் இரண்டு வரிகள் தெரியும்படி நிறுத்தி, மஞ்சள் பூசுங்கள். ஒரே வரியை வெட்டி வைத்தால், விட்டுப்போனதில் என்ன இருந்ததோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். 1999 சிக்கலே அப்படி வந்ததுதானே. இணையப் பக்கமாக இருந்தால் web.archive.org-இல் ஒரு பிரதி சேமித்து, பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் மாறினாலும் உங்கள் கையில் சாட்சி இருக்கும். டிஸ்கிரிப்ஷனில் லிங்க்குகளை மொத்தமாகக் கொட்டாமல், '2:14 – பட்டியலில் சேர்ந்த ஆண்டு' என்று நிமிடக் கணக்கோடு அடுக்குங்கள்.

காட்சிகளும் தகவல்தான். நம் ரயிலைப் பற்றிப் பேசும்போது பின்னால் டார்ஜிலிங் ரயில் ஓடுவதைப் பல வீடியோக்களில் பார்த்துச் சலித்துவிட்டேன். டார்ஜிலிங் பாதை இரண்டடி அகலம்தான், நடுவில் பல் தண்டவாளம் கிடையாது. நம்முடையது மீட்டர் கேஜ். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் இருக்கும், ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும். அந்தப் பகுதியில் ஏறுகிற ரயிலை இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதாக ஒரு கிளிப் காட்டினால், ஒன்று, உண்மையில் ரயில் இறங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது அது நம் ரயிலே இல்லை.

ஏற்கெனவே வெளியான வீடியோவை என்ன செய்வது? யூடியூபில் அதே முகவரியில் வேறு வீடியோவை மாற்றி வைக்க முடியாது, வெட்டி எடுக்க மட்டும் முடியும். நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால், தவறைச் சுட்டிய கமெண்டும் சேர்ந்து போய்விடும். ஒளித்துவிட்டதாகத்தான் தோன்றும். டிஸ்கிரிப்ஷனில் திருத்தம் எழுதினால், முதல் திருத்தத்தின் நிமிடத்தில் திரையில் ஒரு குறிப்பு எட்டிப்பார்க்கும் வசதி இருக்கிறது. தலைப்புச் சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், மற்றது தமிழில் எழுதலாம். நிமிடக் கணக்கை உங்கள் வீடியோவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

```
Correction:
0:42 1899-இல் ரயில் வந்தது குன்னூருக்கு; ஊட்டிக்கு 1908-இல்.
0:47 யுனெஸ்கோ பட்டியலில் நீலகிரி ரயில் சேர்ந்தது 2005; 1999 டார்ஜிலிங்கிற்கு.
0:51 'ஆசியாவிலேயே செங்குத்தானது' என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை.
```

இதையே கமெண்டிலும் எழுதி, மேலே பின் செய்துவிடுங்கள். சுட்டிக்காட்டியவரின் கமெண்டுக்குக் கீழே, எந்தப் பக்கத்தைப் பார்த்துத் திருத்தினீர்கள் என்று ஒரு வரி பதில் போடுங்கள். அவருக்கு ரயிலைப் பற்றி நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. அடுத்த ஸ்கிரிப்டைப் படம்பிடிக்கும் முன்னால் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்களேன்.