கார்டு இல்லாத கட்டர்: விரலுக்கும் ஆபத்து, மூக்குக்கும் ஆபத்து

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். 7 இன்ச் கை கட்டரை பிளைவுட் டேபிளுக்கு அடியில் தலைகீழாக மாட்டி மா, வேம்பு, தேக்கு எல்லாம் அறுக்கிறோம். பிளேடை மூடும் கார்டு இருந்தால் பலகை நகரவில்லை, அதனால் கார்டைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டோம். தூசிக்கு முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறோம். மரத்தூளால் மூக்கில் கேன்சர் வரும் என்கிறார்களே, உண்மையா? அப்பா 35 வருஷமாக இதே வேலை. 2 மாதமாக அவருக்கு இடது பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருக்கிறது. தூசி உறிஞ்சும் மெஷின் வாங்கினால் போதுமா?

பதில்: முதலில் அப்பா. மெஷின் ஒரு வாரம் பொறுக்கும்.

தூசி ஒவ்வாமையோ சளியோ என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் மாறி மாறி அடைக்கும். ஒரே பக்கம் 2 மாதம் விடாமல் அடைத்தால் அதை உள்ளே பார்த்தே ஆக வேண்டும். கூடவே அதே பக்கம் ரத்தம் கலந்த சளி, வாசனை தெரியாமல் போவது, அந்தப் பக்கக் கண்ணில் நீர் வழிவது, கன்னம் மரத்துப்போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே கிளம்புங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் அப்பா முதலில் சொல்ல வேண்டியது “35 வருஷம் மர வேலை” என்பதைத்தான். அவராகச் சொல்லாவிட்டால் பலர் கேட்பதில்லை. டார்ச் அடித்துப் பார்ப்பது மட்டும் போதாது. மரத்தூளால் வரும் கட்டி வழக்கமாகத் தொடங்கும் இடம் இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கின் மேல் பகுதியில் இருக்கும் சல்லடை போன்ற எலும்பு அறைகள். அங்கே எட்டிப் பார்க்க எண்டோஸ்கோப் வேண்டும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். பெரும்பாலும் சதை வளர்ச்சியோ, மூக்குத் தண்டு வளைவோ, சைனஸ் தொற்றோதான் இருக்கும். ஆனாலும் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

கேன்சர் பேச்சு உண்மைதான். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற நாற்காலி செய்யும் ஊரில், மூக்கின் உள்ளே அடினோகார்சினோமா என்ற அரிய கட்டி மரச்சாமான் தொழிலாளிகளுக்கே திரும்பத் திரும்ப வருவதை 1960களில் காது மூக்கு மருத்துவர்கள் கவனித்தார்கள். 1968இல் அது ஆய்வாக வெளிவந்தது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. அதற்காகப் பட்டறையில் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ஹை விக்கத்திலேயே ஆண்டுக்கு ஆயிரம் தொழிலாளிகளில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வந்தது. ஆனால் ஊரில் மற்றவர்களுக்கு அனேகமாக வராத நோய் அது. வேலைக்குச் சேர்ந்து 30, 40 ஆண்டு கழித்துத் தலைகாட்டும். பட்டறையை விட்டுப் பல வருஷம் ஆனவருக்கும் வந்திருக்கிறது. ‘எனக்குப் பீடி, சிகரெட் பழக்கமே இல்லையே’ என்பது நுரையீரலுக்கு ஆறுதல். இந்த வகைக் கட்டிக்குப் பெரிய ஆறுதல் இல்லை.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆபத்து அதிகம் என்று சொல்லப்படுவது ‘கடின மரத்தூள்’. நம் ஆட்கள் தேக்கு, வேங்கை என்று நினைப்பார்கள். அது தாவரவியல் பெயர்; அகன்ற இலை மரங்கள் எல்லாம் அதில் அடக்கம். உளிக்கு மெத்தென்று இருக்கும் மாமரமும் அதில்தான் வரும். கிருஷ்ணகிரியில் வயதான மாந்தோப்பு மரங்களை வாங்கி அறுக்கும் பட்டறை எதுவும் இதிலிருந்து தப்பாது. பைன் போன்ற ஊசியிலை மரத்தூளும் நல்லதல்ல.

மூக்கைத் தாக்குவது காலடியில் குவியும் செதில் இல்லை. செதில் கனமாக விழுந்துவிடும். மாவு போல மிதந்து, மூச்சோடு போய், மூக்கின் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் தூள்தான் பிரச்சினை. அதனால் தரையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தால் மட்டும் போதாது. துடைப்பத்தால் காய்ந்தபடி கூட்டுவதும், கம்ப்ரஸர் காற்றால் மெஷினையும் உடம்பையும் ஊதுவதும் படிந்த மாவைத் திரும்பக் கிளப்பிவிடும்.

இனி உங்கள் கட்டர். கார்டு வைத்தால் பலகை நகராது என்பது நியாயமான புகார். கை கட்டரின் கீழ்க் கார்டு, மெஷினை நீங்கள் தள்ளும்போது பலகை முட்டித் தானாகப் பின்வாங்குவதற்காகச் செய்தது. தலைகீழாக மாட்டிப் பலகையைத் தள்ளினால் அது மறிக்கத்தான் செய்யும். அதைக் கட்டிவிட்டுச் சும்மா விட்டதுதான் தப்பு. அந்த இடத்துக்கு வேறு கார்டு வேண்டும். ரைவிங் நைஃபும் கார்டும் சேர்ந்தே வரும் சின்ன டேபிள் கட்டர் வாங்க முடிந்தால் அதுவே மேல். முடியாதென்றால் இப்போதைய மேஜையில் மூன்று மாற்றங்களாவது செய்யுங்கள்.

முதலாவது ரைவிங் நைஃப், அதாவது பிளேடுக்கு நேர் பின்னால் நிற்கும் இரும்புத் தகடு. 185 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடினால் பல் மணிக்கு 170 கி.மீ.க்கு மேல் போகும். முன்பக்கப் பல் பலகையைக் கீழே அழுத்தும். பின்பக்கப் பல் மேலே தூக்கும். சரியாகக் காயாத மாமரத்திலும் வேம்பிலும் அறுக்க அறுக்க வெட்டு மூடிக்கொள்ளும். மூடிய வெட்டு பின்பல்லைக் கவ்வியதும் பலகை எகிறி உங்கள் வயிற்றுக்கு வரும். பலகையைப் பிடித்திருந்த கை அதே நொடியில் பிளேடுப் பக்கம் இழுபடும். விரல்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான். தகடு நடுவில் நின்றால் வெட்டு மூடாது.

தகட்டின் கனம் பிளேடு உடம்பைவிடச் சற்று அதிகமாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பிளேடு உடம்பு 1.6 மி.மீ., வெட்டு 2.4 மி.மீ. என்றால் 2 மி.மீ. தகடு. மேஜை மட்டத்தில் பிளேடுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 8 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. தகட்டின் உச்சி பிளேடு உச்சிக்கு 2, 3 மி.மீ. கீழே இருக்கட்டும், அப்போது காடி எடுக்கும்போதும் கழற்ற வேண்டியிராது. லேத் பட்டறையில் பிளேடு வளைவுக்கு வெட்டிக்கொண்டு, மேஜைக்கு அடியில் இரண்டு போல்ட் வைத்து இறுக்குங்கள். பிளேடு உயரத்தை ஒரே நிலையில் பூட்டுவது அவசியம். உயரம் மாறினால் இந்த அளவெல்லாம் மாறிப்போகும். தகடு பிளேடோடு ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பெரிய ஸ்கேலை ஒட்டிப் பாருங்கள். கோணினால் பலகை தகட்டில் முட்டி நிற்கும், ‘இது தொல்லை’ என்று அதையும் கழற்றிவிடுவீர்கள்.

இரண்டாவது மேல் கார்டு. மேஜைப் பக்கவாட்டிலிருந்து இரும்புக் கை எழுப்பி, பிளேடுக்கு மேலே பாலிகார்பனேட் பெட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். அதன் கீழ் விளிம்புக்கும் பலகைக்கும் இடையே 12 மி.மீ.க்குள் இருக்கட்டும். கண்ணாடியும் அக்ரிலிக்கும் வேண்டாம், அடிபட்டால் நொறுங்கும். வெட்டின் கடைசி 300 மி.மீ.க்குக் கை போகக்கூடாது. 450 மி.மீ. நீளத்தில், நுனியில் வாய் வெட்டிய தள்ளுகட்டை ஒன்றை மேஜையிலேயே மாட்டி வையுங்கள்.

மூன்றாவது ஸ்டார்ட்டர். இப்படி மாட்டிய கட்டரில் சுவிட்சைக் கம்பியாலோ டேப்பாலோ அழுத்தி வைத்திருப்பீர்கள். அறுக்கும்போது கரன்ட் போனால் யாரும் அதை அணைப்பதில்லை. கரன்ட் வரும்போது, பக்கத்தில் யார் கை இருக்கிறதென்று பார்க்காமல் பிளேடு ஓடும். போர் மோட்டாருக்குப் போடும் பச்சை-சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டர் இதைத் தடுக்கும். கரன்ட் போனால் அதன் காயில் விட்டுவிடும். பச்சையை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். ஆட்டோ ஸ்டார்ட் வசதி உள்ளதை வாங்கிவிடாதீர்கள். உங்கள் கட்டர் இழுக்கும் ஆம்பியருக்குப் பொருத்தமானதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சிவப்பு பட்டன் முட்டியால் தட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

இப்போது தூசி மெஷின் கேள்விக்கு வரலாம். பல் கீழ்நோக்கி வெட்டுவதால் தூளின் பெரும்பகுதி மேஜைக்கு அடியில் விழும். மீதி பற்களின் குழிக்குள் மாட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி, மேலே வந்து அறுப்பவர் முகத்துக்கு நேராக வீசப்படும். மேல் கார்டு இல்லாத மேஜையில் எவ்வளவு பெரிய பிளோவர் வைத்தாலும் இந்த இரண்டாவது பங்கு உங்கள் மூக்குக்குத்தான். அதனால் கார்டும் தூசிக்குழாயும் ஒரே வேலையாகச் செய்யப்பட வேண்டும்: அடியில் கட்டரைச் சுற்றிப் பிளைவுட் பெட்டி, அதில் 4 இன்ச் வாய், மேல் கார்டில் 2 இன்ச் வாய். மோட்டார் குளிர்வதற்கான காற்றுத் துளைப் பக்கம் பெட்டியில் திறப்பு விடுங்கள், இல்லையென்றால் கட்டர் சூடேறிக் கருகும்.

மரத்தூள் குழாயில் படியாமல் ஓட காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். 4 இன்ச் குழாயில் அது மணிக்குச் சுமார் 580 கன மீட்டர். வீட்டு வாக்குவம் கிளீனர் இவ்வளவு காற்றை இழுக்காது. அது சாண்டருக்கும் ரூட்டருக்கும் மட்டும் சரி. இந்த மேஜைக்கு 2 எச்.பி. பிளோவரும் பையும் கொண்ட கலெக்டர் போதும். இடையில் 4 இன்ச் குழாயை இரண்டரை இன்ச்சாகக் குறைத்தால் காற்று போகும் வழி பாதிக்கும் கீழே போய்விடும். சுருள் குழாய் இழுவையைத் தின்னும். மெஷின் பக்கம் ஒரு மீட்டர் மட்டும் சுருள், மீதி வழவழப்பான குழாய்.

பலர் ஏமாறுவது பையில்தான். சாதாரணத் துணிப்பை செதிலைப் பிடித்துக்கொண்டு நுண்மாவைப் பட்டறைக்குள்ளேயே வடிகட்டித் தெளிக்கும். அதாவது மூக்குக்கு ஆகாததை மட்டும் பொறுக்கிக் காற்றில் விடும். கலெக்டரைச் சுவருக்கு வெளியே தகரக் கூரை போட்டு வையுங்கள், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல். உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால் 1 மைக்ரான் அளவுக்குப் பிடிக்கும் ஃபெல்ட் பை கேளுங்கள். பக்கத்தில் பீடி வேண்டாம். மரத்தில் மறைந்த ஆணியில் பிளேடு பட்டுப் பொறி பறந்தால் உடனே நிறுத்திப் பையைத் திறந்து பாருங்கள்.

வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கச் செலவில்லை. இருட்டியதும் விளக்கை அணைத்துவிட்டு அறுங்கள் என்று சொல்லவில்லை. அறுப்பவருக்கு வெளிச்சம் இருக்கட்டும். பின்புறம் மட்டும் இருட்டாக இருந்தால் போதும். இன்னொருவர் பலமான டார்ச்சை பிளேடுக்குக் குறுக்கே அடிக்க, நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று, டார்ச் கண்ணில் படாதபடி அட்டையால் மறைத்து அந்த ஒளியைப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத தூள் புகை போல மின்னும். கார்டுக்கு வெளியே எங்கே மின்னுகிறதோ அங்கேதான் ஓட்டை.

இதே டார்ச்சை உப்புத்தாள் தேய்க்கும்போதும் அடித்துப் பாருங்கள். பட்டறையிலேயே மிக மோசமான தூசி அங்கேதான் இருக்கும். சாண்டரில் தாளின் துளையும் பேடின் துளையும் நேர்நேராக இருந்து, வாக்குவமும் மாட்டியிருந்தால் பெருமளவு அடங்கும். அதற்கு மேல் மாஸ்க் வேண்டும். துண்டு செதிலைத்தான் தடுக்கும், மாவை விட்டுவிடும். எஃப்.எஃப்.பி.2 அல்லது என்95 வாங்கி, மூக்குக் கம்பியை அழுத்திப் பொருத்துங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். தேய்ப்பு வேலை நாளன்று மழித்துக்கொள்வதைத் தவிர அதற்கு மலிவான வழி இல்லை.