சிறுநீர் கருத்துப் போனால் காத்திருக்காதீர்கள்

“இரண்டு நாளைக்கு முன் முதல் தடவையாக ஜிம்முக்குப் போய் 150 ஸ்குவாட் செய்தேன். தொடை வீங்கிக் கல் மாதிரி இருக்கிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. இன்று காலை சிறுநீர் கோலா நிறத்தில் போனது. வலி மாத்திரை போட்டு நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகும் என்கிறார் ட்ரெய்னர். நாளை வரை பார்க்கலாமா?”

வேண்டாம். இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.

பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால், தசைச் செல்கள் உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் ரத்தத்தில் கலக்கும். மருத்துவர்கள் இதை ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். அப்படிக் கலப்பதில் இரண்டு பொருள்கள் ஆபத்தானவை. மயோகுளோபின் என்ற புரதம்தான் சிறுநீரைக் கருக்க வைக்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துக் கெடுப்பதும் அதுவே. இன்னொன்று பொட்டாசியம். அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், சில சமயம் முன்னறிகுறி எதுவும் இல்லாமலே. வீட்டில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும்தான் சொல்லும்.

போகும் வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஊசியும் கூடாது. ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அவை இன்னும் குறைத்துவிடும். தொடையை அமுக்கிவிடவும் வேண்டாம். ‘கிட்னி டிடாக்ஸ்’ பொடியையோ ‘மசில் ரெக்கவரி’ டப்பாவையோ ட்ரெய்னர் நீட்டினால் வாங்காதீர்கள். உடைந்த தசையிலிருந்து கசிவதை எந்தப் பொடியும் நிறுத்தாது. அதை விற்பவருக்குக் கமிஷன் கிடைக்கலாம், உங்களுக்குப் போவது நேரம்.

மருத்துவமனையில் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். ‘உடம்பு வலி’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். “கடுமையான உடற்பயிற்சி செய்து இரண்டு நாள் ஆகிறது, தொடை வீங்கியிருக்கிறது, சிறுநீர் கருத்துப் போகிறது, சிபிகே பார்க்க வேண்டும்” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். சிபிகே, அதாவது கிரியேட்டின் பாஸ்போகைனேஸ், தசை எவ்வளவு உடைந்திருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. வழக்கமான ரத்தப் பரிசோதனைகளோடு அது பெரும்பாலும் சேராது, கேட்டால்தான் எடுப்பார்கள். பெயர் ஒத்திருக்கும் கிரியேட்டினினை மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. கிரியேட்டினின் ஏறுவது சிறுநீரகம் அடிபட்ட பிறகுதான். அடிபடாமல் காப்பதற்குத்தானே போகிறோம்!

அடுத்த சறுக்கல் சிறுநீர்ப் பரிசோதனையில். பட்டையை நனைத்ததும் ‘ரத்தம் இருக்கிறது’ என்று காட்டும், ஏனென்றால் அதற்கு ரத்தமும் மயோகுளோபினும் ஒன்றுதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு இருக்காது, இருந்தாலும் ஒன்றிரண்டுதான். அதைப் பார்க்கப் பொறுமையில்லாமல் ‘சிறுநீர்த் தொற்று’ என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், “சிவப்பணு தெரிந்ததா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மதியத்துக்குள் சிறுநீர் தெளிந்துவிடலாம். அப்போதும் போகத்தான் வேண்டும். மயோகுளோபின் சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும், சிபிகே-யோ பயிற்சிக்குப் பின் 1 முதல் 3 நாளில்தான் உச்சம் தொடும். நீங்கள் இரண்டாம் நாளில் இருக்கிறீர்கள். நிறம் நல்லதாகத் தெரியும்போதே எண் ஏறிக்கொண்டிருக்கலாம். நிறையத் தண்ணீர் குடித்ததால் நிறம் வெளுத்திருந்தாலும் இதே கதைதான். நிறமே மாறாமல் தசை உடைந்தவர்களும் ஏராளம். கருத்த நிறம் இருந்தால் ஓட வேண்டும். இல்லை என்பதால் பயமில்லை என்று ஆகாது.

சிபிகே வழக்கமாக லிட்டருக்குச் சுமார் 200 யூனிட்டுக்குள் இருக்கும். 1,000-ஐத் தாண்டினால் இந்த நோய் என்று எடுத்துக்கொள்வார்கள், 5,000-க்கு மேல் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது. உங்களுக்கு 40,000 வந்ததாக வைத்துக்கொள்வோம். சேர்த்துக்கொண்டு நரம்பு வழியே சலைன் ஏற்றுவார்கள். மணிக்குச் சுமார் 200 முதல் 300 மில்லி சிறுநீர் போகும்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பொட்டாசியத்தை மீண்டும் மீண்டும் பார்ப்பார்கள். வீட்டில் குடிக்கும் தண்ணீர் இதற்கு ஈடாகாது. சிறுநீர் வருவது குறைந்திருந்தால் குடித்தது உடம்பிலேயே தேங்கும். கசிவு நின்றபின் எண் நாளுக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறையும்: 40,000, அடுத்த நாள் 20,000-ஐ ஒட்டி, அதற்கடுத்த நாள் 10,000. அப்படி இறங்காமல் நின்றாலோ, கால் விரல் மரத்தாலோ, பாதத்தை அசைத்ததும் வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீங்கிய தசை உறைக்குள் நெருக்கி ரத்த ஓட்டத்தை அடைத்திருக்கலாம். அதற்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

வீடு திரும்பியபின் ஒரு வாரத்துக்குள் சிபிகே, கிரியேட்டினின் இரண்டையும் மறுபடி பாருங்கள். எண் 1,000-க்குக் கீழே வந்து வலியும் போகும் வரை ஜிம் பக்கம் வேண்டாம். அதன் பிறகும் முதலில் நடைதான், ஸ்குவாட் பிறகு.