பாவாடையின் விரிவும் கீழ்மடிப்பும்: சில கேள்விகள்

ஏழு வயது மகளுக்கு ஆறு பீஸ் பாவாடை தைத்தேன். வளர்ந்ததும் இறக்கிவிடலாம் என்று நான்கு அங்குலம் மடித்தால், மடிப்பு சுருங்கி முறுக்கிக்கொள்கிறது. ஏன்? (அல்சூர் வாசகி)

விரிவான பாவாடையில் கீழ் விளிம்பு, அது மடிந்து போய்ச் சேரும் இடத்தைவிட அகலமானது என்பதே காரணம். உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். உயரம் 28 அங்குலம். ஒவ்வொரு பீஸும் மேலே 5, கீழே 12 அங்குலம். அதாவது ஓர் அங்குலம் இறங்கும்போது அகலம் கால் அங்குலம் கூடுகிறது. அதே சரிவில் இன்னும் நான்கு அங்குலம் வெட்டினால் விளிம்பு 13 அங்குலமாகும். ஆனால், மடித்துத் தைக்கும் இடத்தில் பாவாடை 11 அங்குலம்தான். பீஸுக்கு இரண்டு என்று ஆறு பீஸுக்குப் பன்னிரண்டு அங்குலத் துணி மிஞ்சுவதால், அது முறுக்காமல் இருக்க வழியில்லை.

ஆகவே 28 அங்குலம் வரை சரிவாக வெட்டி, அதற்குக் கீழே நேர்கோட்டில் இறக்குங்கள். மிச்சம் பாதியாகக் குறையும். விளிம்பை அரை அங்குலம் உள்ளே மடித்து, அதன்மேல் தளர்ந்த ஓட்டுத்தையல் போட்டு, இணைப்புத் தையல்களின் அருகே மெல்லச் சுருக்கிக் கைத்தையலால் பிடித்தால் மடிப்பு படிந்து நிற்கும். பின்னாளில் இறக்கும்போது அந்த நான்கு அங்குலம் விரியாமல் நேராக விழுவது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதற்கு மேல் ஆழம் வேண்டுமானால், விரிவைக் குறைப்பதே நல்லது.

மடிக்கும் முன் பாவாடையை ஓர் இரவு தொங்கவிடுங்கள். சரிவான ஓரங்கள் இழுபட்டு இறங்கும் என்பதால், மறுநாள் குழந்தைக்கு உடுத்தித் தரையிலிருந்து அளந்து விளிம்பைச் சமன் செய்ய வேண்டும்.

இதற்கு எவ்வளவு துணி வாங்க வேண்டும்? (மல்லேஸ்வரம்)

நாடாப்பட்டிக்கு ஒன்றரை, உயரம் 28, மடிப்புக்கு நாலரை, ஆக ஒரு பீஸின் நீளம் 34 அங்குலம். தையலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டால் கீழகலம் 13. 44 அங்குல அகலத் துணியில் மூன்று பீஸ் பக்கம் பக்கமாக அடங்கும். எனவே இரண்டு நீளம், 68 அங்குலம் போதும். பருத்தியானால் சிக்பேட்டையிலேயே இரண்டு மீட்டராக வாங்கி, நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள். வெட்டிய பின் சுருங்கினால், மடிப்பில் சேர்த்து வைத்த உயரம்தான் முதலில் குறையும்.

இடுப்பு 22 அங்குலம்தான்; மேற்சுற்று 30 அங்குலம் எதற்கு?

பாவாடை இடுப்பெலும்பைத் தாண்டி ஏற வேண்டும். 30 இருந்தால் பக்கத்தில் திறப்பு விடாமலே ஏறிவிடும். மிச்சத்தை நாடா சுருக்கிக்கொள்ளும். நாடாவைப் பின்பக்க நடுவில் பட்டியோடு சேர்த்து ஒரு தையல் போட்டுவிட்டால், துவைக்கும்போது உருவிக்கொண்டு வராது.

கரை போட்ட பட்டில் இதே முறையில் வெட்டலாமா?

வேண்டாம். சரிவாக வெட்டினால் ஒவ்வோர் இணைப்பிலும் கரை முறிந்து கோணலாகும். அதற்கு நேர்த்துண்டைச் சுருக்கித் தைப்பதே சரி. அதில் நான்கு அங்குல மடிப்பும் எந்தத் தொல்லையும் இல்லாமல் படியும்.