சாம்பார் கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம்

வணக்கம் சார். வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட வீடியோ எடுத்தால் சாம்பார் வெறும் மஞ்சள் தண்ணியாகத் தெரிகிறது, காயெல்லாம் அடியில் போய்விடுகிறது. கிண்ணத்துக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து ஊற்றினால் காய் மேலே நிற்கும் என்கிறான் தம்பி. செய்யலாமா?
— ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம். தம்பி சொல்வது பழைய வித்தைதான். அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டுக் காயை மேலே நிற்க வைத்தார்கள். அரசின் வணிக ஆணையம் தலையிட்டு, 1970-ல் இனி இப்படிச் செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது. நம் ஊரிலும் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏமாற்று விளம்பரத்தைக் கண்டிக்கிறது. அதைவிட, அரை டப்பா சாம்பாரில் ரெண்டு முருங்கைத் துண்டைத் தேடுகிறவர் அன்று மாலையே உங்களுக்கு போன் போடுவார்.

முதலில் சமையலறை ட்யூப்லைட்டை அணையுங்கள். அந்த வெளிச்சம் மேலிருந்து நேராகச் சாம்பாரில் விழுந்து வெள்ளையாகப் பளபளப்பதால்தான் நிறம் வெளிறுகிறது. ஜன்னல் வெளிச்சம் கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து சற்றுப் பக்கவாட்டில் வரட்டும், முன்பக்கம் இருட்டடித்தால் நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி வையுங்கள். பின்னணி கறுப்பாகவோ கரும்பலகைப் பச்சையாகவோ இருந்தால் ஆவி தானாகவே தெரியும், ஊதுபத்திப் புகையெல்லாம் தேவையில்லை. அப்புறம், திரையில் சாம்பார்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் சோற்றின் வெண்மையைப் பார்த்து போன் தானே அளவை மாற்றிக்கொண்டே இருக்கும்.

காய் விஷயத்துக்கு வருவோம். உட்கார்ந்த சாம்பாரை எடுக்கவே எடுக்காதீர்கள், பருப்பு கீழே இறங்கித் தெளிவு மேலே நின்றுவிடும், ஆறினால் ஆடை கட்டிவிடும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி, வாடிக்கையாளருக்கு அனுப்புகிற அதே டப்பாவில், அனுப்புகிற அதே அளவை, கேமரா ஓடும்போதே ஊற்றுங்கள். கரண்டியிலிருந்து இறங்குகிற விதத்திலேயே சாம்பார் எத்தனை கெட்டி என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும், காயும் கூடவே விழும். ஒரு டப்பாவுக்கு மூன்று துண்டு என்றால் மூன்றுதான் விழ வேண்டும். நாலாவது துண்டு கண்ணுக்கு அழகுதான், ஆனால் அதை நீங்கள் விற்கவில்லையே. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவதையும் அப்போதே எடுத்துவிடுங்கள், எண்ணெய்ப் பளபளப்பு சீக்கிரமே அடங்கிவிடும்.

போனைக் கிண்ணத்துக்கு ஒட்டிப் பிடித்தால் முன்னால் இருப்பது பெரிதாக வீங்கித் தெரியும். அதனால் கொஞ்சம் தள்ளி நின்று ரெண்டு மடங்கு ஜூமில் எடுங்கள், ஒரு ஷாட்டிலாவது கை தெரியட்டும், அளவு புரியும்.

இன்னொன்று, ஒரு டப்பாவை மூடி வைத்துவிட்டு, டெலிவரிக்கு ஆகும் நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். சாம்பார் இறுகியிருக்கும், அப்பளம் நமுத்திருக்கும். சாம்பார் இறுகுவது சகஜம், விடுங்கள். அப்பளத்தைத் தனிக் கவரில் அனுப்ப முடியாதென்றால் அதை நொறுக்கிக் காட்டும் ஷாட்டை வெட்டிவிடுங்கள்.