கொஞ்சம் கொஞ்சமாக ஓப்பனிங் கற்றுத்தரும் செஸ் ஆப் எது?

கேள்வி: செஸ் ஆப்பில் தினமும் ஆடுகிறேன், ரேட்டிங் 900 பக்கம் நிற்கிறது. ஓப்பனிங்கை மொத்தமாக மனப்பாடம் செய்ய என்னால் முடியாது. ஒரு கோச் மாதிரி படிப்படியாகச் சொல்லித்தரும் ஆப் இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. ஆனால் ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உங்கள் ரேட்டிங்கில் இருப்பவர்கள் நிஜமாகவே என்ன ஆடுகிறார்கள் என்று அது காட்ட வேண்டும். பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்களே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளவும் விட வேண்டும். லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது பட்ட பிறகுதான். முதலில் ஒரு பயிற்சி ஆப்பில் இத்தாலியன் கேம் பாடத்தை முழுதாக எடுத்துக்கொண்டேன். சரியாக ஆடிய நகர்வு வரிசையைச் சில நாள் கழித்தும், தப்பாக ஆடியதை உடனேயும் திரும்பக் கேட்கும் முறை அது. முறை நல்ல முறைதான். நான் ஒரே வாரத்தில் எக்கச்சக்கமான வரிசைகளை உள்ளே போட்டுவிட்டேன், தினமும் திருப்பிப் பார்க்க வேண்டியவை குவிந்துவிட்டன. அதைவிட வருத்தம் என்னவென்றால், 10 நகர்வு வரை படித்துவிட்டு ஆடப்போனால் எதிராளி மூன்றாவது நகர்விலேயே பாடத்தில் இல்லாத ஒன்றை ஆடினார்.

லிச்செஸ்ஸில் அனாலிசிஸ் போர்டைத் திறந்தால் புத்தகப் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கும். அதுதான் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர். அதில் "Masters" என்பது பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள். இப்போதைக்கு உங்களுக்கு அது வேண்டாம். "Lichess" என்பதைத் தேர்ந்தெடுத்து, அமைப்புகளில் உங்கள் ரேட்டிங் படியையும் நீங்கள் ஆடும் நேர வகையையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். இப்போது இத்தாலியனின் முதல் நகர்வுகளை வையுங்கள்:

```
1. e4 e5 2. Nf3 Nc6 3. Bc4
```

கறுப்பு அடுத்து என்ன ஆடுகிறது என்று வரிசையாக வரும். 3...Bc5, 3...Nf6 இரண்டும் எந்தப் புத்தகத்திலும் இருப்பவை. ஆரம்ப நிலையில் 3...h6, 3...d6, 3...Nd4 போன்றவையும் உங்கள் எதிரே வரும். ஓப்பனிங் பாடங்கள் பெரும்பாலும் இவற்றை ஓரத்தில் தள்ளிவிடும், ஆனால் உங்களுக்கான பாடம் இங்கேதான் இருக்கிறது.

3...Nd4 வந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். கறுப்பு e5 சிப்பாயைக் காவலில்லாமல் விட்டது போலத் தெரியும், கை தானாக எடுக்கப் போகும். எடுத்தால் கதை இப்படி முடியும்:

```
4. Nxe5 Qg5 5. Nxf7 Qxg2 6. Rf1 Qxe4+ 7. Be2 Nf3#
```

ஏழே நகர்வில் செக்மேட். ராஜாவைச் சுற்றி நம் காய்களே அடைத்து நிற்கின்றன. e2 மந்திரியோ ராணியின் பார்வையில் கட்டுண்டு கிடப்பதால் அந்தக் குதிரையை எடுக்க முடியாது. இதற்கு எளிய பதில் 4.Nxd4 exd4 5.O-O. குதிரைக்குக் குதிரை எடுத்து முடித்தபோது கறுப்பின் ஒரு பெரிய காய்கூட வெளியே வந்திருக்காது. நம் மந்திரி வெளியே வந்தாயிற்று, கேஸ்லிங்கும் முடிந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எக்ஸ்ப்ளோரர் காட்டும் வெற்றிச் சதவீதத்தை நம்பி உங்கள் நகர்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பொறி வைக்கும் நகர்வில் பலர் விழுவதால் அந்தச் சதவீதம் நன்றாகத் தெரியலாம். அதனால் நகர்வு நல்லதாகிவிடாது. எதிராளி என்ன ஆடுவார் என்பதை எக்ஸ்ப்ளோரரிடம் கேளுங்கள். நாம் என்ன ஆட வேண்டும் என்பதை, நகர்வுகளைக் கணக்கிட்டு மதிப்பிடும் எஞ்சினிடம் கேளுங்கள். இரண்டு நகர்வுகளுக்கு எஞ்சின் போடும் மதிப்பெண்ணில் 0.3க்குள்தான் வித்தியாசம் என்றால் இந்த ரேட்டிங்கில் அதைக் கண்டுகொள்ள வேண்டாம், உங்களுக்குப் புரிகிற நகர்வையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பார்த்ததைச் சேமிக்க வேண்டும். லிச்செஸ்ஸில் "Study" ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு அத்தியாயம் போடுங்கள். அத்தியாயத்தின் அனாலிசிஸ் மோடில் "Interactive lesson" என்பதைத் தேர்ந்தெடுத்தால், எதிராளியின் நகர்வை அது ஆடிக்காட்டி உங்கள் பதிலைக் கேட்கும். இந்த மோடு முக்கிய வரிசையை மட்டுமே கேட்கும் என்பதால்தான் கிளைக்கு ஒரு அத்தியாயம் என்கிறேன். 4.Nxe5 போன்ற தப்பான நகர்வைப் பக்க வரிசையாகச் சேர்த்து, கீழே "Qg5 வரும், குதிரையும் g2வும் ஒரே நேரத்தில் போகும்" என்று ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். பயிற்சியில் அதை ஆடினால் அந்தக் குறிப்பு வந்து நிற்கும். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிய அந்த ஒரு வரி, எந்த ஆப்பின் கோச் சொல்வதையும்விட நன்றாக மனதில் நிற்கும். "Study" தானாக நாள் கணக்கு வைத்துத் திரும்பக் கேட்காது, ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை நீங்களே திறந்து பார்க்க வேண்டும்.

புதிய வரிசை எப்போது சேர்ப்பது? ஆட்டம் முடிந்த பிறகு மட்டும், அதுவும் ஓர் ஆட்டத்துக்கு ஒன்று. பாடத்தில் இல்லாத முதல் நகர்வு எது என்று பாருங்கள். உங்கள் ரேட்டிங் படியில் பத்தில் ஒருவராவது அதை ஆடுகிறார் என்றால் சேருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 3...h6க்கு எனக்கு ஒரே அத்தியாயம்தான்: 4.d4, நடுவைப் பிடி, கறுப்பு ஒரு நகர்வை ஓரத்தில் செலவழித்துவிட்டது. அவ்வளவுதான்.

3...Bc5, 3...Nf6 இரண்டுக்கும் 4.d3 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 3...Bc5 4.d3 Nf6 ஆடினாலும், 3...Nf6 4.d3 Bc5 ஆடினாலும் பலகை ஒன்றுதான். இரண்டு ஓப்பனிங்குக்குப் படிப்பு ஒன்று. நீங்கள் காசு கொடுத்து ஏதாவது பயிற்சி ஆப் வாங்குவதாக இருந்தால், இந்த இரண்டு வழியிலும் வந்து அதே பதிலைக் கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். வரிசையை மட்டும் பார்க்கும் ஆப் இரண்டையும் தனித்தனிப் பாடமாக எண்ணி உங்கள் வேலையை இரட்டிப்பாக்கும். அதே நிலையில் 5.O-O, 5.c3 இரண்டுமே நல்ல நகர்வுகள். ஒன்றைத் தப்பு என்று சிவப்புக் காட்டும் ஆப், நகர்வின் தரத்தைச் சொல்லவில்லை, பாடத்தில் இருப்பதைத்தான் கேட்கிறது. சிவப்பு வந்ததும் எஞ்சினைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

செஸ்.காமின் "Game Review", டாக்டர் வுல்ஃப் போன்ற பேசும் கோச்சுகளை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காயைச் சும்மா விட்டதை வார்த்தையில் விளக்குவதற்கு அவை நன்றாக உதவுகின்றன, 900 ரேட்டிங்கில் ஆட்டம் அங்கேதான் போகிறது. டாக்டர் வுல்ஃப் ஆட்டத்தின் நடுவிலேயே நிறுத்திச் சொல்வது ஆரம்பத்தில் ரொம்ப உபயோகம். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு எந்த வரிசையைச் சேர்ப்பது என்ற முடிவை அவற்றிடம் விடாதீர்கள்.

வெள்ளைக்கு ஆறேழு அத்தியாயம் சேர்ந்ததும் கறுப்புக்குப் போகலாம். 1.e4க்கு 1...e5 ஆடுங்கள். நீங்கள் படித்த அதே பலகைகள் மறுபக்கத்திலிருந்து வரும், அத்தியாயத்தில் பலகையைத் திருப்பி வைத்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.